ராக்காவலுக்கு ஃபிளாஸ்க் டீ: பால் கலந்து எடுத்துப் போவதா, பாலைத் தனியாக வைத்துக்கொள்வதா?

மாங்காய் சீசன் வந்துவிட்டால் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள் கையில் டார்ச்சோடு ஃபிளாஸ்க்கும் போகும். ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் போகிறவர்கள், ராயக்கோட்டை மண்டிக்கு விடியற்காலையில் தக்காளி ஏற்றிப் போகிறவர்கள் பையிலும் அது இருக்கும். இவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சாயங்காலம் போட்ட பால் டீ விடியுற வரைக்கும் தாங்குமா? சூடாத்தானே இருக்கு, குடிச்சா என்ன ஆயிடும்?"

இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பால் டீயை ஒரே பெரிய ஃபிளாஸ்க்கில் நிரப்புவது முதல் வழி. அதையே இரண்டு சின்ன ஃபிளாஸ்க்காகப் பிரிப்பது இரண்டாவது. பால் இல்லாத டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, பாலைத் தனியாக எடுத்துப்போய் அங்கே கலப்பது மூன்றாவது. எதை வைத்து அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் கடைசி டம்ளரின் சூடு. முதல் டம்ளர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கெடுகிற டீ கடைசியில் மிஞ்சுகிற டீதான்.

பாலைக் காய்ச்சினால் அதிலுள்ள கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவை சாகும், உண்மைதான். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் கெட்டி ஓடு போட்ட வித்தாக மாறிப் பாலில் கிடக்கும். அந்த வித்து கொதிக்கிற டீயிலும் பிழைத்துக்கொள்ளும். 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அது முளைத்துப் பெருகாது. 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வேலையை ஆரம்பிக்கும். 30 முதல் 40 டிகிரி வரை அதற்கு ரொம்பப் பிடித்த சூடு. தயிருக்கு உறை ஊற்றிய பாத்திரத்தைக் கதகதப்பான இடத்தில் மூடி வைக்கிறோமே, ஆறிப்போன ஃபிளாஸ்க் உள்ளே இருப்பதும் அதே கதகதப்புதான். திறந்த டம்ளரில் இருக்கும் டீ சீக்கிரம் ஆறிவிடும், நாமும் கீழே கொட்டிவிடுவோம். ஃபிளாஸ்க்கோ அந்த இளஞ்சூட்டை மணிக்கணக்கில் காப்பாற்றி வைக்கும். சூடு காக்கிற அதே குணம்தான் ஆறிய பிறகு எதிரியாகிறது.

ஆகவே கணக்கு இது: 60 டிகிரிக்கு மேல் இருக்கும் பால் டீயைப் பயமில்லாமல் குடிக்கலாம். 60-க்குக் கீழே இறங்கி 2 மணி நேரம் தாண்டாவிட்டால் குடித்து முடித்துவிடலாம், எடுத்து வைக்கக் கூடாது. 4 மணி நேரம் தாண்டிவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், மூடியை எத்தனை தடவை திறக்கிறோம், யார் கை படுகிறது என்பது. மூன்றாவது ருசி. நான்காவது செலவும் அலைச்சலும். கடைசி இரண்டும் அவரவர் விருப்பம். முதல் இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

காபிக்கும் இதே கணக்குதான். ஆபத்து டீத்தூளிலோ காபித்தூளிலோ இல்லை, பாலில் இருக்கிறது. நிறையச் சர்க்கரை போட்டால் கெடாது என்பதும் தப்பு. பாகு பதத்துக்குச் சர்க்கரை இருந்தால்தான் அது கிருமியைத் தடுக்கும், டீயில் நாம் போடுகிற அளவு தடுக்காது.

## வழி 1: ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் பால் டீ

ஒரு நிஜமான ராத்திரியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஒரு நாள் மூடி வைத்தால் 50 டிகிரி அளவில் நிற்கிற ஃபிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். மே மாதம், தோப்பில் ராத்திரி 26 டிகிரி. சாயங்காலம் 6 மணிக்கு டீ ஊற்றும்போது 88 டிகிரி. இரண்டு பேர் காவல். 9 மணிக்கு ஒரு தடவை, 12 மணிக்கு ஒரு தடவை, 3 மணிக்கு ஒரு தடவை, விடியக் காலை 5 மணிக்குக் கடைசித் தடவை. ஒவ்வொரு தடவையும் கால் லிட்டர்.

9 மணிக்குத் திறக்கும்போது டீ சுமார் 80 டிகிரி இருக்கும். 12 மணிக்கு 70. இதுவரை எந்தக் கவலையும் இல்லை. ஆனால் ஃபிளாஸ்க் பாதி காலியானதும் ஆறுகிற வேகம் கூடும். உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கத் திரவம் குறைவு, சூடு வெளியேறுகிற மூடியும் வாயும் அதே அளவு. திறக்கும்போதெல்லாம் ஆவியும் போகிறது. அதனால் 3 மணிக்கு 58 டிகிரிக்கு வந்திருக்கும், அதாவது எல்லையைத் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கடைசிக் கால் லிட்டர் 5 மணிக்கு 47 டிகிரி. 60-க்குக் கீழே இறங்கி இரண்டரை மணி நேரம் ஆகிறது. உடனே குடித்துவிட்டால் அனேகமாக ஒன்றும் ஆகாது, ஆனாலும் இது விளிம்பு.

பிரச்சனை இதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. 5 மணிக்கு அசந்து தூங்கிவிடுவார்கள். டீ மிஞ்சிவிடும். ஃபிளாஸ்க் வீட்டுக்கு வரும். காலை 8 மணிக்கு உள்ளே 38 டிகிரி, கிருமிக்குத் தோதான சூடு. "இன்னும் வெதுவெதுன்னு இருக்கு, வீணாக்குவானேன்" என்று அதைச் சுட வைத்து வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுப்பதுதான் இந்தக் கதையில் உண்மையான ஆபத்து.

சுட வைத்தால் சரியாகிவிடாதா? ஆகாது. பேசில்லஸ் சீரியஸ் பெருகும்போது ஒரு நஞ்சைக் கக்குகிறது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியிலேயே ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நம் அடுப்பில் டீ 100 டிகிரியைத் தாண்டாது. கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். கையிலிருந்து சேருகிற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விடும் நஞ்சும் கொதியில் போகாத வகைதான். மூடியின் உள்பக்கத்தை விரலால் தொடுவது, டம்ளரில் மிஞ்சியதைத் திருப்பி ஊற்றுவது, பழைய டீ மேல் புது டீ ஊற்றுவது மூன்றையும் விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

இந்த வழியின் மறைமுகச் செலவு ஃபிளாஸ்க்கின் மூடியில் இருக்கிறது. ரப்பர் வளையத்தின் அடியிலும் மரைச் சந்திலும் பால் காய்ந்து மஞ்சள் படலமாக ஒட்டும். சாதாரணமாகக் கழுவினால் அது போகாது, அடுத்த நாள் டீக்கு வித்து அங்கிருந்தே இறங்கும்.

எப்போது இது சரியான தேர்வு: ஊற்றியதிலிருந்து 6 மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிடுவீர்கள் என்றால். தர்மபுரியிலிருந்து பெங்களூரு வரை பஸ்ஸில் போகிறீர்கள், ஓசூரில் ஒரு ஷிஃப்டின் முதல் பாதிக்கு வேண்டும் என்றால் இதைவிட எளிது வேறில்லை. ஊற்றுவதற்கு முன் ஃபிளாஸ்க்கில் கொதிக்கும் தண்ணீரை நிரப்பி 5 நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். குளிர்ந்த ஃபிளாஸ்க் டீயின் சூட்டில் முதல் சில டிகிரியை அப்போதே தின்றுவிடும். வாய் வரை நிரப்புங்கள், முக்கால் ஃபிளாஸ்க்காக எடுத்துப் போகாதீர்கள்.

## வழி 2: இரண்டு அரை லிட்டர் ஃபிளாஸ்க்

கேட்க நல்ல யோசனைதான். முதலாவதை 9, 12 மணிக்குக் குடிக்கலாம், இரண்டாவதை 3 மணி வரை திறக்கவே வேண்டாம். ஆனால் சின்ன ஃபிளாஸ்க் பெரியதைவிட வேகமாக ஆறும். அதே கணக்கைப் போட்டால், திறக்காமலே வைத்த அரை லிட்டர் 3 மணிக்கு 60 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கடைசிக் கால் லிட்டர் 5 மணிக்கு 50-க்குப் பக்கத்தில். பெரிய ஃபிளாஸ்க்கோடு ஒப்பிட்டால் கிடைத்த லாபம் அரை மணி நேரம்.

அதற்காக இன்னொரு ஃபிளாஸ்க் வாங்குவது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. இரண்டாவது பாதியில் யார் கையும் படாமல் இருக்கிறது என்ற நன்மை மட்டும் நிஜம். நாலைந்து பேர் பகிர்ந்து குடிக்கிற இடத்தில், வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஃபிளாஸ்க் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். கடைக்குப் போய்ப் புதிதாக வாங்க வேண்டாம்.

## வழி 3: பால் இல்லாத டீ ஃபிளாஸ்க்கில், பால் தனியாக

விடிய விடியக் காவல் என்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். பால் இல்லாத டீயில் கிருமி பெருகுவதற்கான தீனி மிகக் குறைவு. விடியற்காலை 47 டிகிரிக்கு ஆறினாலும் ருசிதான் கொஞ்சம் மங்கும், வயிற்றைக் கெடுக்காது.

இதில் பலர் செய்கிற தவறு, பாலைத் தனியாகக் காய்ச்சி இன்னொரு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போவது. அது வழி 1-ஐவிட மோசம். தண்ணீர்கூடக் கலக்காத பால், சின்ன ஃபிளாஸ்க், கால் கால் லிட்டராகத் திறந்து எடுப்பது, எல்லாக் கெடுதலும் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். பாக்கெட் பாலைப் பையில் போட்டுக்கொண்டு போவதும் மே மாதச் சூட்டில் ஆகாது. தனியாக எடுத்துப்போக ஏற்றவை இரண்டுதான்: பால் பவுடர், அல்லது பிரிக்காமல் வெளியிலேயே வைக்கக்கூடிய சின்ன டெட்ரா பேக் பால். டெட்ரா பேக்கைப் பிரித்தால் அந்த வேளையே தீர்த்துவிட வேண்டும், கிளிப் போட்டு அடுத்த டம்ளருக்கு வைக்கக் கூடாது.

செய்முறை: ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் டீத்தூள் போட்டு 3, 4 நிமிடம் கொதிக்க விட்டு, தூள் ஒன்றுகூட இறங்காமல் வடிகட்டுங்கள். தூள் உள்ளே கிடந்தால் ராத்திரி முழுக்க ஊறிக் கசப்பு ஏறிவிடும். சர்க்கரையை இப்போதே போட்டுவிடலாம். சுடுதண்ணீரில் அலசிய ஃபிளாஸ்க்கில் வாய் வரை ஊற்றுங்கள். பால் பவுடரை ஈரமில்லாத சின்னப் பொட்டலங்களாக, டம்ளருக்கு ஒன்றரை டேபிள் ஸ்பூன் வீதம் கட்டிக்கொள்ளுங்கள். குடிக்கும்போது பவுடரை டம்ளரில் போட்டு, முதலில் இரண்டு ஸ்பூன் டீ மட்டும் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்த பிறகு மீதியை ஊற்ற வேண்டும். நேரே டீயில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். பவுடர் டீ வேண்டாம் என்று ஒரே நாளில் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு படியைத்தான் தவறவிடுகிறார்கள். சர்க்கரை சேர்த்த டெய்ரி ஒயிட்னர் வாங்கினால் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காபிக்காரர்களுக்கு: ஃபில்டர் டிகாக்‌ஷனைச் சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் மட்டும் நிரப்புங்கள். ஒரு டம்ளருக்கு 30 மில்லி டிகாக்‌ஷன், பவுடர், 120 மில்லி வெந்நீர். டிகாக்‌ஷன் ஆறியிருப்பதால் காபியின் சூடு இன்னும் இறங்கும், 3 மணிக் காபி 50 டிகிரி அளவில்தான் இருக்கும். சூடு போதாது, ஆனால் அப்போதே கலந்து அப்போதே குடிப்பதால் பயமில்லை.

பாலே வேண்டாம் என்று இருக்கிறவர்களுக்குச் சுக்குக் காப்பி இருக்கவே இருக்கிறது. சுக்கு, மல்லி, வெல்லம் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டி ஊற்றினால், இந்த ஒப்பீடே தேவையில்லை.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு. மாதக் கணக்கில் பார்த்தால் பால் பவுடர் பாக்கெட் பாலைவிடக் கூடுதலாக வரும். பவுடர் டப்பாவில் ஈர ஸ்பூன் போனால் முழு டப்பாவும் கட்டி தட்டும். பசும்பால் டீயின் மணம் இதில் வராது, அதை மறைக்க முடியாது.

## ஒரே பார்வையில்

| | பெரிய ஃபிளாஸ்க், பால் டீ | இரண்டு சின்னது, பால் டீ | பால் தனி |
|---|---|---|---|
| 12 மணிக்கு | பயமில்லை | பயமில்லை | பயமில்லை |
| 3 மணிக்கு | உடனே குடித்துவிட வேண்டும் | உடனே குடித்துவிட வேண்டும் | பயமில்லை |
| 5 மணிக்கு | விளிம்பு | விளிம்பு | பயமில்லை |
| காலை 8 மணிக்கு மிஞ்சியது | கொட்ட வேண்டும் | கொட்ட வேண்டும் | ஆறியிருக்கும், குடிக்கலாம் |
| ருசி | நல்லது, நேரம் போகப் போகக் குறையும் | அதே | பவுடர் வாசம் தெரியும் |
| யாருக்கு | 6 மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் | பலர் பகிரும் இடம் | விடிய விடியக் காவல் |

## தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது

குத்திப் பார்க்கிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கினால் வருஷக் கணக்கில் உதவும். இல்லையென்றால் எவர்சில்வர் டம்ளரே போதும். டம்ளர் நிறைய டீ ஊற்றி, விளிம்பைப் பிடிக்காமல் உடம்பை முழுக் கையால் பிடித்துப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் என்றால் சில விநாடியில் கையை எடுத்துவிடுவீர்கள். சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு, ஊதாமல் மடமடவென்று குடிக்க முடிந்தால் அது 50-க்குக் கீழே போய்விட்டது. எப்போது இறங்கியது என்று தெரியாது என்பதால், அப்படிப்பட்ட பால் டீயைக் குடிக்க வேண்டாம்.

மூக்கை நம்பாதீர்கள். காய்ச்சாத பாலைப் புளிக்க வைக்கிற கிருமிகள் கொதியில் செத்துவிடுகின்றன, அதனால் டீ கெட்டாலும் புளிப்பு வாடை வராமல் இருக்கலாம். பேசில்லஸ் சீரியஸ் பாலைப் புளிக்க வைக்காமலே திரிய வைக்கும். மேலே பொடிப்பொடியாகத் திட்டு மிதக்கும், லேசான கசப்பு இருக்கும். டீயின் இயல்பான கசப்பிலும் சர்க்கரையிலும் அது தெரியாமல் போய்விடும். திட்டு இல்லாவிட்டாலும் கெட்டிருக்கலாம், ஆகவே நேரத்தையும் சூட்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் திரிந்தால் மட்டும் காரணம் வேறாக இருக்கலாம். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, 60, 70 டிகிரிச் சூட்டில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அடுப்பை அணைத்த பிறகு இஞ்சி தட்டிப் போட்டு மூடினால் இப்படி ஆகும். இஞ்சியைத் தண்ணீரிலேயே சில நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, பிறகு பால் ஊற்றினால் திரியாது.

உங்கள் ஃபிளாஸ்க்கின் தெம்பைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். கொதிக்கும் தண்ணீரை வாய் வரை ஊற்றி மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மூடியைச் சுற்றி மட்டும் இளஞ்சூடு என்றால் சரி. உடம்பெல்லாம் சுட்டால் சுவருக்குள் இருந்த வெற்றிடம் போய்விட்டது, அந்த ஃபிளாஸ்க்கில் பால் டீ ஊற்றவே கூடாது. உடம்பு சுடவில்லை என்றால் 9 மணி நேரம் கழித்துத் திறந்து டம்ளர் சோதனையைச் செய்யுங்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் "24 மணி நேரம் சூடு" என்பது நிறைந்த, திறக்காத ஃபிளாஸ்க்குக்குச் சொன்னது, அதுவும் அந்த நேரம் 60-க்கு மேலே இருக்கும் என்று சொல்லவில்லை.

## கழுவுவதும், குடித்துவிட்டால் செய்வதும்

வீட்டுக்கு வந்ததும் மிஞ்சியதைக் கொட்டி உடனே அலச வேண்டும், சாயங்காலம் வரை மூடி வைக்கக் கூடாது. ரப்பர் வளையத்தைக் கழற்றுங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் இரண்டு டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு, மூடியைத் தனியாக அதே தண்ணீரில் முக்கி அரை மணி நேரம் வையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, கவிழ்த்து, திறந்தே உலர விடுங்கள். கண்ணாடி ரீஃபில் உள்ள ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்துக் கலகலவென்று சத்தம் கேட்டால், அது உள்ளே உடைந்திருக்கிறது, பயன்படுத்தாதீர்கள்.

ஆறின பால் டீயைக் குடித்தபின் ஒரு மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரலாம். வயிற்றுவலியும் பேதியுமாக 6 முதல் 15 மணி நேரத்தில் வருகிற இன்னொரு வகையும் உண்டு. பெரும்பாலும் ஒரு நாளில் தானாக அடங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலை வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றாலோ, கொடுக்கிற தண்ணீரும் தங்காமல் வெளியே வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை மணிக்குப் போட்ட டீ, எத்தனை மணிக்குக் குடித்தது என்ற இரண்டு நேரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.